பெயர் இல்லாத இடம்

மதிக்கு அப்போது இரண்டு வயது ஒன்பது மாதம். பாலர் பள்ளியில் சேர்த்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவளை அழைத்துவரப் போனபோது ஆயாம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க பொண்ணு ரொம்ப வெக்கப்படுறாம்மா. காலையிலேர்ந்து ஷேம் ஷேம்னே சொல்லிக்கிட்டிருக்கா." பக்கத்தில் நின்ற டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மதியின் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதைக் கீழே இழுத்துவிட்டு வண்டியில் உட்காரவைத்தேன்.

மறுநாளும் அதே கதை. டீச்சர் அவளுக்கு உள்ளே ஒரு கால்சட்டை போட்டு அனுப்பச் சொன்னார். புதன்கிழமை இரவு அவளைச் சிறுநீர் கழிக்க உட்காரவைத்தபோது உட்கார மறுத்தாள். கால்களை இறுக்கிக்கொண்டு அழுதாள். "ஷேம்ஷேம் எரியுதும்மா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக அவள் வலிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பெண்கள் அதை வெட்கம் என்று கேட்டிருக்கிறோம். அவளைப் பொறுத்தவரை 'ஷேம்ஷேம்' ஓர் உணர்ச்சியின் பெயரே இல்லை. தொப்புள், முழங்கால் என்பதைப் போல அது அவள் உடம்பில் ஓரிடத்தின் பெயர்.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வெட்கம் உண்டு. நான் ஒரு மகளிர் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். குழந்தை ஒரு சொல்லின் பொருளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது ஒவ்வொரு ஆண்டும் நான் நடத்தும் பாடம். கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவதை என் வீட்டுக் குளியலறையில் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அந்தப் பாடம் ஒரு முயலில் தொடங்கும். தத்துவவாதி குவைன் 1960இல் வெளிவந்த தன் நூலில் ஒரு புதிர் போட்டார். மொழி தெரியாத ஊருக்கு ஒருவர் போகிறார். ஒரு முயல் ஓடுகிறது. ஊர்க்காரர் அதைக் காட்டி 'கவகாய்' என்கிறார். கவகாய் என்றால் முயல் என்று நாம் உடனே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது முயலின் காதாக இருக்கலாம், வெள்ளை நிறமாக இருக்கலாம், ஓடுவதாக இருக்கலாம், இன்று இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். விரல் ஒரு திசையைத்தான் காட்டும், அர்த்தத்தைக் காட்டாது. தாய்மொழி கற்கும் குழந்தை தினமும் இந்த நிலையில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடுகிறது. எப்படி?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலன் மார்க்மன் 1980களில் இதற்கு ஒரு விடை சொன்னார். குழந்தை எல்லாச் சாத்தியங்களையும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. சில ஊகங்களோடுதான் தொடங்குகிறது. முதல் ஊகம், புதிதாகக் கேட்கும் சொல் ஒரு முழுப் பொருளின் பெயர் என்பது. 'நாய்' என்று காட்டினால் முழு நாய்தான், அதன் வாலோ நிறமோ அல்ல. இதை முழுப்பொருள் சாய்வு என்று வகுப்பில் சொல்வேன். இரண்டாவது ஊகம், ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்கும் என்பது. கிண்ணம் ஏற்கெனவே கிண்ணம் என்றால், புதிய பெயர் கிண்ணத்துக்கு உரியதல்ல, வேறு எதற்கோ. பாடப்புத்தகம் இதைப் பரஸ்பர விலக்கம் என்கிறது. பேருந்தில் துண்டு போட்டு வைத்த இருக்கை என்று நான் விளக்குவேன். அதில் வேறொருவர் உட்கார முடியாது.

இரண்டு ஊகங்களும் தனித்தனியாக நின்றால் குழந்தைக்குச் சிக்கல்தான். எல்லாச் சொல்லும் முழுப் பொருளின் பெயர் என்றால் மூக்கு, விரல் போன்ற உறுப்புகளின் பெயர் எப்படி வரும்? இங்கேதான் இரண்டாவது ஊகம் முதலாவதைத் திருத்துகிறது. மார்க்மனும் கிவின் வாக்டெலும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டினார்கள். ஒன்று நுரையீரல் படம். மூச்சுக்குழாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, 'இதில் எது அது, இது முழுவதுமா, இந்தப் பகுதி மட்டுமா?' என்று கேட்டார்கள். நுரையீரல் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகள் பெரும்பாலும் முழுவதையும் காட்டினார்கள். மீன் போலப் பெயர் தெரிந்த பொருளாக இருந்தால், புதிய சொல் அதன் துடுப்புக்குப் போயிற்று. அடுத்த சோதனையில், தெரியாத பொருளுக்கும் முழுப்பெயரை முன்கூட்டியே கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கற்ற குழந்தைகள் புதிய சொல்லைப் பகுதிக்குக் கொடுத்தார்கள். முழுவதற்கும் பெயர் இருக்கிறது என்றால், மிச்சமிருக்கும் பெயரில்லாத இடத்துக்கு அந்தச் சொல் நகர்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வருகிறேன்.

மதியை அவள் பிறந்த நாளிலிருந்து என் அம்மாதான் குளிப்பாட்டினார். முதலில் காலில் போட்டு, பிறகு முக்காலியில் உட்காரவைத்து. அம்மாவுக்குக் கையும் வாயும் சேர்ந்தே நடக்கும். "இது யார் கண்ணு? இது யார் மூக்கு? தொப்புள் எங்க, தொப்புள் எங்க? தொடையைக் காட்டுடி, முட்டியைக் காட்டு, குதிங்காலைக் காட்டு." தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவில் அம்மாவின் கை நிற்காது, ஆனால் வாய் நின்றுவிடும். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் பேச்சு தொடையில் போய்த் தொடரும். நான் குளிப்பாட்டிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதேதான். உளவியல் படித்த என் வாயும் அதே இடத்தில்தான் நின்றது.

இரண்டு வயதில் மதிக்கு உடம்பு முழுக்கப் பெயர் தெரியும். குதிங்கால் தெரியும், அக்குள் தெரியும். ஒரே ஓரிடத்துக்கு மட்டும் பெயர் இல்லை. குளித்துவிட்டுத் துண்டில்லாமல் ஹாலுக்கு ஓடிவரும்போதும், கவுனைத் தூக்கி முகத்தைத் துடைக்கும்போதும் எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்றுதான், "ஷேம் ஷேம்." அம்மா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், நான் சொன்னேன். சில சமயம் விரலை வேறு காட்டினோம்.

அவள் இடத்தில் இருந்து பாருங்கள். எல்லோரும் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு மட்டும் இல்லை. அதைப் பார்க்கும்போது மட்டும் சொல்லப்படுகிற ஒரு சொல் இருக்கிறது. நுரையீரல் என்று முன்கூட்டியே கற்ற குழந்தை செய்ததைத்தான் மதியும் செய்தாள். சொல்லைப் பெயரில்லாத இடத்துக்குக் கொடுத்தாள். அவள் தவறாகக் கற்கவில்லை. நாங்கள் கொடுத்ததை மிகச் சரியாகக் கற்றாள்.

ஒருமுறை சரியாக ஊகிப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜெசிகா ஹோர்ஸ்டும் லாரிசா சாமுவெல்சனும் 2008இல் இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்து இதைக் காட்டினார்கள். தெரிந்த இரண்டு பொருள்களோடு தெரியாத ஒன்றை வைத்துப் புதிய சொல்லைச் சொன்னால் குழந்தைகள் சரியாகத் தெரியாததை எடுத்தார்கள். ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது அந்தச் சொல் அவர்களிடம் தங்கியிருக்கவில்லை. சொல் தங்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப வர வேண்டும், கவனத்தைப் பிடிக்க வேண்டும். 'ஷேம் ஷேம்' தினமும் வந்தது, சிரிப்போடும் கைதட்டலோடும் வந்தது. எங்கள் வீட்டில் அதைவிடச் சிறப்பாகக் கற்பிக்கப்பட்ட சொல் வேறு இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை மருத்துவரிடம் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. சோப்பும் ஈர உள்ளாடையும் சேர்ந்து வெளித்தோல் சிவந்து புண்ணாகியிருக்கிறது, அதன்மேல் சிறுநீர் படும்போது எரிகிறது என்றார். ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னார். எழுந்திருக்கும்போது மதியைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். மதி "ஷேம்ஷேம்ல" என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். "நல்ல பேரு ஒண்ணு சொல்லிக்குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

நல்ல பெயர் எது? அன்று இரவு எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் மனதில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தெருவில் சண்டையில் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. அது உறுப்பின் பெயராக இருந்து வசையாகிவிட்டது. பழைய இலக்கியத்தில் அல்குல் இருக்கிறது. அது எந்த இடம் என்பதில் உரைகாரர்களே ஒத்துப்போவதில்லை. பாடப்புத்தகத்தில் பிறப்புறுப்பு இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வகைப்பெயர் அது, ஒரு குழந்தையின் வாயில் நுழையாது. என் சித்தி, "மூத்திரம் போற எடம்னு சொல்லிக் குடேன்" என்றார். சொல்லிப் பார்த்தேன். மதி எழுந்து குளியலறையைக் காட்டினாள். அவள் சொன்னதும் சரிதானே, மூத்திரம் போகிற இடம் அதுதான்.

என் அண்ணன் மகன் மதியைவிட ஒரு வயது மூத்தவன். அவன் உறுப்புக்குப் பிரச்சினையே இருந்ததில்லை. அது குஞ்சு. அம்மா அவனைக் குளிப்பாட்டும்போது தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவில் வாய் நிற்காது. "குஞ்சைக் காக்கா தூக்கிட்டுப் போயிரும், டவுசர் போடு" என்பார். அவன் துண்டில்லாமல் ஓடினாலும் 'ஷேம் ஷேம்' சொல்லியிருக்கிறோம். ஆனால் அவனுக்கு அந்த இடத்தில் பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, துண்டு போட்ட இருக்கையைப் போல. அதனால் 'ஷேம்' அங்கே போய் உட்காரவில்லை. அது வேறு எதையோ, அம்மணமாக ஓடுவதையோ பெரியவர்கள் சிரிப்பதையோ குறிக்கும் சொல்லாகவே அவனுக்கு இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம், சோதனையில் கண்டதல்ல. ஆனால் ஒரே வீட்டில், ஒரே பாட்டியிடம், ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த இரண்டு குழந்தைகளில் பெண் குழந்தைக்கு மட்டும் வெட்கம் உறுப்பின் பெயரானதற்கு இதைவிட எளிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் 'யோனி' என்று முடிவு செய்தேன். இரண்டு எழுத்து, வசையாகவில்லை, குழந்தை வாயில் நுழையும். வெள்ளிக்கிழமை குளித்து முடித்ததும் களிம்பு தடவும் நேரத்தில் சொன்னேன். "மதி, இது ஷேம்ஷேம் இல்லடா. இது யோனி." ஒரு கையில் களிம்புக் குழாய், இன்னொரு கையால் தடவிக்கொண்டே மூன்று முறை சொன்னேன். அவளும் "யோனி" என்று அழகாகத் திருப்பிச் சொன்னாள். பத்து நாள் காலையும் மாலையும் இதே பாடம். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோராவது நாள் அவள் களிம்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அமுக்கிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. "அம்மா, யோனி தீந்து போச்சு" என்றாள்.

சிரித்து முடித்தபின் உட்கார்ந்து யோசித்தேன். வகுப்பில் நான் வரையும் படத்தைப் போலவே இருந்தது அது. அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஷேம்ஷேம். அதனால் யோனி அதற்கு உரியதல்ல. அப்படியென்றால் பெயரில்லாத வேறு எதுவோ ஒன்று. அந்த நேரத்தில் மட்டும் வருகிற, அவளுக்குப் பெயர் தெரியாத பொருள் ஒன்று என் கையிலேயே இருந்தது. அது தனியாக, முழுதாக, கையில் எடுக்கக்கூடியதாகவும் இருந்தது. இரண்டு ஊகங்களும் ஒரே பக்கம் கைகாட்டின. 'இது ஷேம்ஷேம் இல்ல' என்று நானே தொடங்கியது இன்னும் மோசம். யோனி என்பது ஷேம்ஷேமைத் தவிர வேறு எதுவோ என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே என் வாக்கியம்தான்.

இந்த ஊகம் சொற்களைப் பற்றிய விதியா, பேசுகிறவரின் மனதைப் படிக்கும் வழியா என்று ஆய்வாளர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. மார்க்மன் விதி என்கிறார். ஈவ் கிளார்க் போன்றவர்கள் குழந்தை பேசுகிறவரைக் கவனிக்கிறது என்கிறார்கள். கிண்ணம் வேண்டுமென்றால் அம்மா கிண்ணம் என்றே கேட்டிருப்பாள், வேறு சொல்லைச் சொல்கிறாள் என்றால் வேறு பொருளைத்தான் நினைக்கிறாள் என்று அது எண்ணுகிறதாம். கில் டீசன்ட்ரக்கும் லோரி மார்க்சனும் 2001இல் இதற்கு ஆதரவாக ஒன்றைக் காட்டினார்கள். பெயருக்குப் பதிலாக ஒரு பொருளைப் பற்றி ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, பிறகு வேறொரு தகவலைச் சொல்லி 'அதை எடு' என்றாலும் மூன்று வயதுக் குழந்தைகள் மற்ற பொருளைத்தான் எடுத்தார்கள். அப்படியானால் இது பெயரைப் பற்றிய விதி மட்டுமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அதிலிருந்து ஒரு வழி கிடைத்தது. மதி என் மனதைப் படிக்கப் பார்க்கிறாள் என்றால், என் மனதில் இரண்டு பெயர் ஏன் இருக்கிறது என்பதை அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மொழி பேசும் வீடுகளில் இது தானாகவே நடக்கிறது. கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் ஜேனட் வெர்க்கரும் 2009இல் கனடாவில் ஒன்றரை வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். திரையில் தெரிந்த பொருள் ஒன்று, தெரியாத பொருள் ஒன்று. புதிய சொல் ஒலித்ததும் ஒரு மொழிக் குழந்தைகளின் கண் தெரியாத பொருளுக்குப் போயிற்று. இரண்டு மொழிக் குழந்தைகளிடம் அந்தப் போக்கு மங்கலாக இருந்தது. மூன்று மொழிக் குழந்தைகளிடம் அது தெரியவே இல்லை. ஒரே நாயை மூன்று பெயர்களால் அழைக்கும் வீட்டில் வளரும் குழந்தை, ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று ஏன் நம்பப் போகிறது? இன்னும் பெரிய குழந்தைகளிடம், சொற்கள் இரண்டு வேறு மொழிகளைச் சேர்ந்தவை என்று தெளிவாகத் தெரிந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயரை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று டெர்ரி ஆவும் மரியானா கிளஸ்மனும் 1990இல் காட்டியிருந்தார்கள். யார் பேச்சில் எது என்ற விவரம் கிடைத்தால் பூட்டு திறக்கிறது.

மதிக்கு ஏற்கெனவே அந்த அனுபவம் கொஞ்சம் இருந்தது. நான் பூனை என்பதை டீச்சர் கேட் என்பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். குழாயை அலமாரியில் வைத்துவிட்டு, அதன் பெயர் களிம்பு என்று முதலில் சொன்னேன். அந்த இருக்கையில் துண்டு போட்டாயிற்று. பிறகு, "அம்மாச்சி ஷேம்ஷேம்னு சொல்வாங்க. டாக்டர் யோனின்னு சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான். அம்மாவும் இனிமே டாக்டர் மாதிரி யோனின்னுதான் சொல்வேன்" என்றேன். 'இல்ல' என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். உறுப்பின் பெயரைத் தனியாகச் சொல்லாமல், தெரிந்ததோடு சேர்த்துச் சொன்னேன். மேகன் செய்லரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் எழுதியிருப்பது இதைத்தான். முழுப் பொருளின் பெயரைச் சொல்லி, ஒட்டியே பகுதியின் பெயரையும் சொன்னால் குழந்தை இரண்டாவது சொல்லைப் பகுதிக்குக் கொடுக்கிறது. பெற்றோர் பலரும் அறியாமலே இப்படிப் பேசுகிறார்கள். "இது மதி கால். கால்ல முட்டி, கால்ல தொடை, ரெண்டு தொடைக்கு நடுவுல யோனி." ராகம் எதுவும் போடவில்லை. முட்டியைச் சொல்லும் அதே குரலில் சொல்ல நான்தான் பழக வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒவ்வொரு முறையும் என் குரல் அந்த இடத்தில் தாழ்ந்துவிடும். குழந்தை அதையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

எத்தனை நாளில் கற்றாள் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கும் மேலாக இரண்டு சொல்லும் கலந்து வந்தன. என்னிடம் யோனி, அம்மாவிடம் ஷேம்ஷேம். கற்றுவிட்டாளா என்று பார்க்க நான் தொட்டுக் காட்டிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அந்த நேரத்துக்குச் சரியாக ஊகித்துவிடலாம். ஒரு நாள் மணலில் விளையாடிவிட்டு வந்து, "யோனில மண்ணு குத்துது, கழுவி விடு" என்றாள். குழாயும் இல்லை, பாடமும் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் தானாக வந்தது. அன்றுதான் கற்றாள் என்று குறித்துக்கொண்டேன்.

பாலர் பள்ளியில் போய்ப் பேசினேன். டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. "மத்த பிள்ளைங்க வீட்ல போய்ச் சொன்னா பேரன்ட்ஸ் கேப்பாங்க மேடம்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. மதி என்ன சொல்லி அழுதாள், நாம் மூன்று பேரும் என்ன கேட்டோம் என்பதை மட்டும் சொன்னேன். எரிச்சலைச் சொல்லவே ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் ஆயிற்று என்றால், எவனாவது தொட்டதைச் சொல்ல எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். 2012இல் வந்த போக்சோ சட்டம் பெண் குறி, சிறுநீர்ப் புழை, ஆசனவாய் என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குற்றத்தை வரையறுக்கிறது. அதன் முன் நிற்கப்போகும் குழந்தையிடம் அந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஷேம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. 'அந்த மாமா ஷேம்ஷேம் பண்ணாரு' என்று ஒரு குழந்தை சொன்னால் நாம் என்ன கேட்போம்? டீச்சர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆயாம்மா என்னிடம் தனியாக வந்து, "அந்தப் பேரை இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார். அவருக்கு இரண்டு பேத்திகள்.

நான் தேர்ந்தெடுத்த சொல்லும் முழுக்கச் சரியானதல்ல. மருத்துவப் பேச்சில் யோனி என்பது உள்ளே போகும் பாதை. மதிக்குச் சிவந்து புண்ணானது வெளியே இருக்கிற பகுதி. அதற்கு அன்றாடத் தமிழில் நல்ல பெயர் ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே இருப்பதன் பெயரை முழுவதற்கும் வைத்துவிட்டேன். என் மாணவிகளிடம் ஒரு வகுப்பில், சிறுநீர் வரும் துளையும் மாதவிடாய் வரும் துளையும் ஒன்றா, இரண்டா என்று கேட்டேன். சீட்டில் பெயர் எழுதாமல் பதில் தரச் சொன்னேன். 'ஒன்று' என்று எழுதியவர்கள் என் எதிர்பார்ப்பைவிட அதிகம். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் அவர்கள். முழுவதற்கு ஒரு பெயர் உறுதியாகக் கிடைத்தால்தான் அடுத்த சொல் பகுதிக்கு இறங்கும் என்று நுரையீரல் படம் சொல்கிறது. முதல் பெயரே வராதவர்களுக்கு இரண்டாவது எங்கே இறங்கும்? மதிக்கு யோனி என்பது தொடக்கம். அதற்குள்ளே இருக்கும் இடங்களுக்குப் பெயர் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது, முழுப்பெயர் அதற்குள் உறுதியாகிவிடும்.

அம்மா மட்டும் கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மதியைத் திருத்தவும் இல்லை. அவளுக்கு நாலு வயது ஆனபோது ஒரு மதியம் அம்மாச்சியின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "அம்மாச்சி, ஒங்களுக்கும் யோனி இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரை ஆய்வதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன்.

"இருக்குடி, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கு" என்றார் அம்மா.

"அதுக்கு நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்ன பேரு?"

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "எங்க காலத்துல பொட்டப் பிள்ளைகளுக்கு அரைஞாண் கயித்துல வெள்ளியில ஒண்ணு கோத்துக் கட்டி விடுவாக, அரச எல மாதிரி. அரைமூடிம்பாக. அதைத்தான் எல்லாரும் பேரு சொல்லிப் பேசுவாக. அரைமூடி நல்லாருக்கா, அரைமூடி எங்க, அரைமூடியைத் தொடைச்சு விடுன்னு. ரொம்ப நாளைக்கு அரைமூடிங்கறதே அதோட பேருன்னு நெனச்சிருந்தேன். அஞ்சு வயசுல கழட்டிட்டாக. அப்புறம் அதுக்குப் பேரு இல்ல."

மதி எழுந்து உட்கார்ந்தாள். "இப்ப இருக்குல்ல அம்மாச்சி" என்றாள்.